ஏற்காட்டு அறைக்கு எந்தக் கூரை: முட்டுச்சுவரா, கம்பியா, டோமா?

ஏற்காட்டில் பெரியப்பா மகன் அண்ணனுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. தோட்டத்து வேலைக்காரர்களின் பிள்ளைகள் சாயங்காலம் உட்கார்ந்து படிக்க ஓர் அறை கட்ட வேண்டும் என்றார். உள்ளளவு 4 மீட்டர் அகலம், 8 மீட்டர் நீளம். "தட்டையா கான்கிரீட் போடாதே தம்பி, செங்கல்ல வளைச்சு ஒரு கூரை போட்டுக் கொடு" என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை. தட்டைக் கூரை என்றால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஒரு வாரத்தில் கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றி, வேறு வேலை பார்க்கப் போயிருப்போம்.

நான் சேலத்தில் டிப்ளமோ சிவில் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன். ஆர்ச், வால்ட், டோம் மூன்றும் பாடத்தில் ஒரே அத்தியாயத்தில் வரும். எல்லாரும் படம் வரைவார்கள், பாகங்களுக்குப் பெயர் எழுதுவார்கள், மார்க் வாங்குவார்கள். சுவர் ஏன் வெளியே சாய்கிறது என்று கேட்டால் பதில் வராது. அதனால் அண்ணனின் அறையை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோனேன். மூன்று யோசனைகள் வந்தன: வளைகூரை போட்டு வெளியே முட்டுச்சுவர் கட்டுவது, அதே கூரைக்கு உள்ளே குறுக்காக இரும்புக் கம்பி கட்டுவது, கூரையையே டோமாக மாற்றிவிடுவது. எதைத் தேர்ந்தெடுத்தோம், ஏன் என்பதுதான் இங்கே.

இடத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் தீர்ப்பு எழுதியது அதுதான். சரிவை வெட்டிச் சமப்படுத்திய தளம், அகலம் மொத்தம் 6 மீட்டர். ஒரு பக்கம் வெட்டிய மண்ணைத் தாங்கும் கருங்கல் சுவர், மறுபக்கம் காப்பிச் செடிகள் இறங்கிப் போகும் சரிவு. சுவர்களோடு சேர்த்து அறையின் வெளியளவு 4.7 மீட்டர். மேட்டுப் பக்கம் மழைநீர் ஓட 60 சென்டிமீட்டர் வாய்க்கால் விட்டே ஆக வேண்டும். மிச்சம் பள்ளத்துப் பக்கம் 70 சென்டிமீட்டர்.

உதைப்பு என்றால் என்ன என்பதைக் கரும்பலகையில் எழுதிப் புரிய வைக்க முடியாது. வகுப்பில் ஒரு பெண்ணின் வீட்டில் கொலுசு வேலை நடக்கிறது. மெல்லிய வெள்ளிச் சங்கிலி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். கரும்பலகைக்கு முன்னால் இரண்டு பேர் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்டார்கள். கைகள் கிட்டக் கிட்ட இருக்கும்போது சங்கிலி ஆழமாகத் தொங்கியது, பிடிப்பது சுலபமாக இருந்தது. கைகளை விலக்க விலக்கத் தொய்வு குறைந்தது. சங்கிலி இருவரையும் உள்நோக்கி இழுத்தது. சங்கிலியின் எடை மாறவில்லை, தொய்வு மட்டும்தான் குறைந்தது. முழுக்க நேராக்கச் சொன்னேன். முடியவில்லை. "இன்னும் இழுத்தா அறுந்துடும் சார்" என்றாள் சங்கிலிக்குச் சொந்தக்காரி.

அந்த வளைவைச் சாக்பீஸால் வரைந்து தலைகீழாகத் திருப்பினால் அதுதான் ஆர்ச். சங்கிலியில் இழுவையாக இருந்தது இங்கே அழுத்தமாகிறது; உள்ளே இழுத்த முனைகள் இப்போது வெளியே உதைக்கின்றன. ராபர்ட் ஹூக் 1675-இல் இதைத்தான் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட லத்தீன் புதிராக அச்சிட்டார்: தொங்கும் கயிற்றைத் தலைகீழாக்கினால் விறைப்பான ஆர்ச் நிற்கும். செங்கலுக்கும் சுண்ணாம்புக்கும் இழுவையைத் தாங்கும் சக்தி இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும், அழுத்தத்தை மட்டும் தாங்கும். ஆகவே இந்தத் தலைகீழ்ச் சங்கிலிக்கோடு செங்கலின் கனத்துக்கு உள்ளேயே போய்க்கொண்டிருக்கும் வரை ஆர்ச் நிற்கும். கோடு வெளியே போனால் அந்த இடத்தில் மூட்டு திறந்து, கதவுக் கீல் மாதிரி திரும்பும். நான்கு கீல் உருவானால் ஆர்ச் சரிந்துவிடும்.

இனி அண்ணனின் அறை. 4 மீட்டர் அகலத்துக்கு நடுவில் 1 மீட்டர் உயரும் வளைவை எடுத்துக்கொண்டோம். அரைச் செங்கல் கனம், அதாவது பதினொன்றரை சென்டிமீட்டர். மேலே சுண்ணாம்புப் பூச்சும் ஓடும் சேர்த்து, பழுது பார்க்க ஏறும் ஆட்களையும் சேர்த்து, தரைப் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 450 கிலோ. கூரையின் நீளவாட்டில் ஒரு மீட்டர் அகலப் பட்டை ஒன்றை வெட்டி எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் எடை 1,800 கிலோ. இரண்டு சுவர்களிலும் பாதிப் பாதி, ஆளுக்கு 900 கிலோ கீழே இறங்குகிறது. பக்கவாட்டு உதைப்புக்குச் சூத்திரம் இது:

```
H = w × L² / (8 × f)
  = 450 × 4² / (8 × 1) = 900
```

இதில் w என்பது மீட்டருக்கு எடை, L அகலம், f வளைவின் உயரம். ஒவ்வொரு மீட்டர் சுவரின் தலையிலும் 900 கிலோ கீழே அழுத்துகிறது, அதே 900 கிலோ வெளியே தள்ளுகிறது. உயரத்தை அரை மீட்டராகக் குறைத்தால் உதைப்பு இரட்டிக்கும். சங்கிலியைப் பிடித்தவர்களுக்கு அதை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

900 கிலோ கேட்கப் பெரிதாக இல்லை. ஒரு சின்னக் கார் எடைதான். ஆனால் அது தள்ளுவது 3 மீட்டர் உயரச் சுவரின் தலையில். சுவரின் வெளிப்பக்க அடி விளிம்பைச் சுற்றிக் கவிழ்க்கும் திருப்புத்திறன் 900 × 3, அதாவது 2,700 கிலோ-மீட்டர். 35 சென்டிமீட்டர் சுவர் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 2,000 கிலோ. அந்த எடை விளிம்பிலிருந்து பதினேழரை சென்டிமீட்டர் தள்ளித்தான் இறங்குகிறது. கூரையின் 900 கிலோவும் சேர்ந்து எதிர்க்கும் சக்தி சுமார் 500 முதல் 650. கவிழ்ப்பது 2,700. அடித்தளத்தைப் பற்றிப் பேசவே தேவையில்லை. சென்ட்ரிங் பலகையை எடுத்த அன்றே முடிந்துவிடும்.

இந்த இடத்தில் பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் நல்ல கேள்வி கேட்டான். "சார், அரை வட்டமா போட்டா? அது சுவர்கிட்ட வர்றப்ப நேரா கீழேதானே இறங்குது? உதைக்காதுல்ல?" படத்தைப் பார்த்தால் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அரை வட்டம் என்பது செங்கலின் வடிவம். விசை போகும் கோடு தனக்கென ஒரு வடிவம் வைத்திருக்கிறது, அது சங்கிலியைக் கேட்கும், காம்பஸைக் கேட்காது. சங்கிலிக்கோடு அரை வட்டத்துக்குள் அடங்க வேண்டுமானால், தன் எடையை மட்டும் தாங்குவதற்கே ஆரத்தில் நூற்றுக்குப் பத்தே முக்கால் பங்கு கனம் வேண்டும். 2 மீட்டர் ஆரத்துக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு சென்டிமீட்டர். நம்முடையது பதினொன்றரை. அதனால் அரை வட்டத்தின் தோள்களில், ஏறத்தாழ 30 டிகிரி வரை, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நிரப்புவார்கள். நிரப்பியபின் உண்மையில் ஆர்ச்சாக வேலை செய்வது மேலே உள்ள பகுதிதான். அதன் அகலம் மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, உயரம் 1 மீட்டர். அதே சூத்திரத்தைப் போட்டால் உதைப்பு 675 கிலோ வருகிறது. 900-க்கு இது குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. அதற்குள் செங்கல் ஏறிவிட்டது, நிரப்பு எடை ஏறிவிட்டது. வேண்டாம் என்று விட்டோம்.

சரி, முட்டுச்சுவர். சுவரையே தடிமனாக்கினால் எவ்வளவு வேண்டும்? கவிழ்க்கும் திருப்புத்திறனைப் போல இரண்டு மடங்கு எதிர்ப்பு இருக்க வேண்டும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 1.23 மீட்டர் கனம் வந்தது. 4 மீட்டர் அறைக்கு இரு பக்கமும் நாலடிச் சுவர்!

கணக்குச் சரிதானா என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. ப்ளோந்தெல் விதி என்று பிரான்சில் பெயர் பெற்றது, 17-ஆம் நூற்றாண்டில் நூல்களில் ஏறியது. ஆர்ச் வளைவை மூன்று சமபங்காகப் பிரி. வளைவு சுவரில் உட்காரும் புள்ளியையும் அதற்கு அடுத்த பிரிவுப் புள்ளியையும் நேர்கோட்டால் சேர். அந்தக் கோட்டை அதே நீளத்துக்குக் கீழே வெளிப்பக்கமாக நீட்டு. கோடு முடியும் இடம்தான் சுவரின் வெளிமுகம். கல்லூரி முற்றத்தில் சுண்ணாம்புத் தூளும் கயிறும் வைத்து முழு அளவில் வரைந்தோம். 1.24 மீட்டர் வந்தது. பையன்கள் கைதட்டினார்கள். நான் கொஞ்சம் அடக்கினேன். அந்த விதிக்குச் சுவரின் உயரம் தெரியாது, கூரையின் எடை தெரியாது. இங்கே ஒத்துப்போனது பாதி தற்செயல். 5 மீட்டர் உயரச் சுவருக்கும் அது அதே எண்ணைத்தான் சொல்லும். ஆனால் ஒன்றை அது சரியாகப் பிடித்திருக்கிறது: வளைவு தட்டையாக ஆகச் சுவர் தடிக்க வேண்டும்.

சுவர் முழுவதையும் தடிப்பாக்குவதற்குப் பதில் 2 மீட்டருக்கு ஒன்றாக வெளியே நீட்டிக் கட்டுவதுதான் முட்டுச்சுவர். 60 சென்டிமீட்டர் அகலத்தில், 1.2 மீட்டர் நீட்டினால் அதே இரண்டு மடங்கு பாதுகாப்பு கிடைக்கிறது. செங்கல் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான் ஆகும். ஏன் குறைகிறது? முட்டுச்சுவர் எடையால் மட்டும் எதிர்ப்பதில்லை. சுவர் கவிழ வேண்டிய விளிம்பையே 1.2 மீட்டர் வெளியே தள்ளி வைத்துவிடுகிறது. வீட்டுச் சுவர், கூரை எல்லாவற்றின் எடைக்கும் இப்போது நீளமான கை கிடைக்கிறது. ஆள் கால்களை அகட்டி நின்று கதவைத் தள்ளுவது மாதிரி.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம். பீப்பாயைப் பாதியாக அறுத்தது போன்ற நீளமான வால்ட் ஒவ்வொரு அங்குலத்திலும் உதைக்கும், முட்டுச்சுவர் இருக்கும் இடத்தில் மட்டும் அல்ல. இரண்டு முட்டுச்சுவருக்கு நடுவில் இருக்கும் சுவர்த் தலை வெளியே வளையாமல் உதைப்பை இரு பக்கமும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இன்று அதற்கு ஒரு கான்கிரீட் பெல்ட் போட்டுவிடலாம். கான்கிரீட் இல்லாத ஐரோப்பியப் பேராலயக்காரர்கள் கூரையையே மாற்றினார்கள். இரண்டு வால்ட்டுகளைக் குறுக்கே வெட்டவிட்டு, உதைப்பு முழுவதும் நான்கு மூலைகளுக்கு மட்டும் வரும்படி செய்தார்கள். நடுச்சுவருக்கு வேலை இல்லாமல் போனதால் அங்கே பெரிய ஜன்னல் வைத்தார்கள். பேராலயங்களுக்கு வெளியே சிலந்திக்கால் போல நிற்கும் பறக்கும் முட்டுகள் இந்தக் குவிந்த உதைப்பைப் பக்கவாட்டு நடைகூரைக்கு மேலாகத் தாண்டி வெளியே கொண்டுபோய் இறக்குவதற்குத்தான். அழகுக்காக வைத்தது என்று விடைத்தாளில் எழுதுபவர்கள் வருடத்துக்குப் பத்துப் பேராவது இருக்கிறார்கள்.

அண்ணனின் இடத்துக்கு வருவோம். 4.7-உடன் இரண்டு பக்கமும் 1.2 சேர்த்தால் 7.1 மீட்டர். தளம் 6. "பள்ளத்துப் பக்கம் மண்ணைக் கொட்டி அகலப்படுத்திக்கலாமே" என்றார் அண்ணன். ஓமலூரிலிருந்து வந்திருந்த மேஸ்திரி பதில் பேசாமல் ஒரு கடப்பாறையை எடுத்துக்கொண்டு விளிம்புக்குப் போனார். தளம் வெட்டியபோது கொட்டிய மண் அங்கே ஏற்கனவே கொஞ்சம் இருந்தது. கடப்பாறையை இரண்டு கையாலும் ஓங்கிப் போட்டார். முழங்கால் உயரத்துக்கு உள்ளே போனது. நான்கு எட்டு உள்ளே வந்து வெட்டுத்தரையில் போட்டார், டங்கென்று நின்றது. "சார், உதைக்கிற சுவரோட நுனிக்கால் அந்தப் பஞ்சுல நிக்கணும். நின்னுடுமா?"

அதுதான் முட்டுச்சுவரின் பலவீனம். சாதாரணச் சுவரின் எடை அடித்தளத்தில் பரவலாக இறங்கும். முட்டுச்சுவரில் உதைப்பும் எடையும் சேர்ந்து சாய்வாக வந்து, வெளிவிளிம்பில்தான் அதிகமாக அழுத்தும். நமக்கு அந்த விளிம்பு விழும் இடமோ நிரப்பு மண். அது ஒரு சென்டிமீட்டர் அமுங்கினாலே முட்டுச்சுவர் வெளியே திரும்பும், சுவர்த் தலை விலகும். நம் வளைவுக்கு அகலத்தின் பாதி 2 மீட்டர், உயரம் 1 மீட்டர். இரண்டு சுவர்களும் ஆளுக்கு ஒரு சென்டிமீட்டர் விலகினால் உச்சி இரண்டு சென்டிமீட்டர் இறங்கும். வளைவு தட்டையாகத் தட்டையாக இந்தப் பெருக்கம் கூடும்.

விலகல் நடந்திருப்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியும், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால். உச்சியில் விரிசல் அடிப்பக்கம் திறந்திருக்கும், உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் நீளவாட்டில் ஒரு கோடு. தோள்களில் நேர்மாறாக மேல்பக்கம் திறக்கும், அதைக் கூரை மேல் ஏறித்தான் பார்க்க வேண்டும். பல வீடுகளில் உள்ளே தெரியும் கோட்டைச் சிமெண்டால் பூசிவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். தோள் விரிசல் வழியாக மழைநீர் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். உச்சியில் ஒரே ஒரு மெல்லிய கோடு, வருடக்கணக்கில் மாறாமல் இருந்தால் பயம் இல்லை. ஆர்ச் கொஞ்சம் விலகிப் புது இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அது வளர்கிறதா என்பதுதான் கேள்வி. விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை இருபக்கமும் ஒட்டித் தேதி எழுதி வைத்தால், அசைவு இருந்தால் கண்ணாடி உடைந்து சொல்லிவிடும்.

இதை நான் முதலில் கற்றது சேலத்தில் ஒரு பழைய குடோனில். செங்கல் வளைகூரை, குறுக்கே இரும்புக் கம்பிகள். வாடகைக்கு எடுத்தவர்கள் மூட்டைகளை உயரமாக அடுக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று நடுவில் இரண்டு கம்பிகளை அறுத்துவிட்டார்கள். கூரை அன்றைக்கே விழவில்லை, அதுதான் பிரச்சினை. யாரும் பயப்படவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் அறுத்த இடத்தில் சுவர் இரண்டரை சென்டிமீட்டர் வெளியே போயிருந்தது; உச்சிக் கோட்டில் தீப்பெட்டி அட்டையைச் செருகலாம். அடியில் சவுக்கு முட்டுக் கொடுத்து, புதுக் கம்பி போட்டு முறுக்கினோம். சுவரைப் பழைய இடத்துக்கு இழுக்க முயலவில்லை. நின்ற இடத்தில் பிடித்து நிறுத்தினோம், அவ்வளவுதான். இழுத்திருந்தால் விரிசலுக்குள் விழுந்திருந்த ஜல்லித் துகள் ஆப்பு மாதிரி இடித்து வேறு இடத்தில் உடைத்திருக்கும்.

அந்தக் கம்பிதான் இரண்டாவது யோசனை. முட்டுச்சுவர் உதைப்பைத் தரைக்குக் கொண்டுபோகிறது. கம்பி அப்படிச் செய்வதில்லை. இடது சுவரின் உதைப்பையும் வலது சுவரின் உதைப்பையும் ஒன்றோடொன்று மோதவிட்டு அங்கேயே தீர்த்துவிடுகிறது. சுவருக்கு வருவது நேர் எடை மட்டும். வில்லுக்கு நாண் மாதிரி.

2 மீட்டருக்கு ஒரு கம்பி என்றால் ஒவ்வொன்றிலும் இழுவை 1,800 கிலோ. 12 மில்லிமீட்டர் கம்பி ஏறத்தாழப் போதும். மறை வெட்டினால் கனம் குறையும், ஏற்காட்டு மூடுபனியில் துருவும் தின்னும் என்று 16 மில்லிமீட்டர் எடுத்தோம். அது 1,800 கிலோவுக்கு 4 மீட்டர் நீளத்தில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக நீளும். ஒரு கம்பியின் எடை சுமார் ஏழரை கிலோ. அது வேலையிலிருந்து விடுவிப்பது எதிரெதிரே நிற்கும் ஒரு ஜோடி முட்டுச்சுவரை, ஏறத்தாழ 8 டன் செங்கலை. இந்த இரண்டு எண்களையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

இதற்கும் குறை உண்டு. கம்பி கண்ணில் படும், ஃபேனும் சீரியல் விளக்கும் துணிக்கொடியும் அதில் தொங்க ஆரம்பிக்கும். துரு பிடிக்கும்போது வெளியே தெரியும் பகுதியில் பிடித்தால் பரவாயில்லை, பார்த்துப் பெயிண்ட் அடிக்கலாம். சுவருக்குள் புதைந்த பகுதியில் பிடித்தால் தெரியாது. தீ விபத்தில் இரும்பு சூடேறி நீண்டுவிடும். முட்டுச்சுவருக்கு இந்தக் கவலைகள் எதுவும் கிடையாது, யாரும் அதை ரம்பத்தால் அறுத்துக்கொண்டு போக மாட்டார்கள். சமதரையில், இடம் தாராளமாக இருந்து, நூறு வருடம் யாரும் கவனிக்காமல் நிற்க வேண்டிய கட்டடம் என்றால் நான் முட்டுச்சுவரைத்தான் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது, டோம். மாணவர்களில் பாதிப் பேர் இதற்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். காரணம் கணக்கு. அதே 4 மீட்டர் விட்டம், 1 மீட்டர் உயரம் உள்ள டோமின் உதைப்பு விளிம்பில் மீட்டருக்குச் சுமார் 360 கிலோதான், வால்ட்டின் 900-க்குப் பாதி கூட இல்லை. டோம் எல்லாத் திசையிலும் வளைகிறது. மேலிருந்து கீழே விசை இறங்குவதோடு, ஒவ்வொரு வரிசைச் செங்கலும் ஒரு முழு வளையமாக ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. கட்டிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு வரிசை முடிந்ததும் தானே நிற்பது இதனால்தான். விளிம்பைச் சுற்றி ஒரு ரிங் பீம் போட்டால் அதில் வரும் இழுவை சுமார் 700 கிலோ. ஒரே ஒரு 8 மில்லிமீட்டர் கம்பி தாங்கும் அளவு.

ஆனால் டோமுக்கும் ஒரு எல்லை உண்டு. அரைக்கோள டோமில் உச்சியிலிருந்து ஏறத்தாழ 52 டிகிரி வரைதான் வளையங்கள் அழுத்தத்தில் இருக்கும். அதற்குக் கீழே வளையம் விரிய ஆரம்பிக்கும், அங்கே இழுவை. செங்கல் இழுவையைத் தாங்காதே. அதனால் ஆரஞ்சுப் பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்த மாதிரி அடியிலிருந்து மேல்நோக்கிச் செங்குத்து விரிசல்கள் கிளம்பும். ரோமில் புனித பேதுரு பேராலயத்தின் டோம் இப்படித்தான் விரிசல் விட்டது. 1740-களில் பொலெனி என்ற பேராசிரியரை அழைத்துக் கேட்டார்கள். அவர் டோமின் ஒரு சுளையை 32 துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எடைக்கும் தக்க குண்டுகளை ஒரு கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டார். எங்கள் கொலுசுச் சங்கிலி செய்த அதே வேலை. தலைகீழாக்கிய கயிற்றுக்கோடு டோமின் கனத்துக்குள் அடங்கியது, அதனால் விரிசல் விட்டாலும் விழாது என்றார். இருந்தாலும் கூடுதலாக இரும்பு வளையங்கள் போடச் சொன்னார், போட்டார்கள். நம் டோம் விளிம்பில் 53 டிகிரியில் முடிகிறது; கிட்டத்தட்ட முழுவதும் அழுத்தத்திலேயே இருக்கும், ரிங் பீம் மட்டும் போதும்.

அப்படியானால் ஏன் டோம் இல்லை? அறை 4-க்கு 8. டோம் வட்டம் கேட்கிறது. இரண்டு 4-க்கு 4 சதுரமாகப் பிரித்து இரண்டு டோம் போடலாம். மூலைகளைச் சதுரத்திலிருந்து வட்டத்துக்குக் கொண்டுவரும் முக்கோண வளைவுகளைக் கட்டத் தெரிந்த கை வேண்டும், அதுகூடப் பரவாயில்லை. இரண்டு டோமுக்கும் நடுவில் அறைக்குக் குறுக்கே ஒரு ஆர்ச் வேண்டுமே? அந்த ஆர்ச் இரண்டு பக்கத்து டோம்களின் ஒரு பங்கையும் தன் எடையையும் சேர்த்துச் சுமார் நாலரை டன்னைச் சுமக்கிறது. அதன் உயரமும் 1 மீட்டர் என்றால் உதைப்பு 2,250 கிலோ, நீளச் சுவரின் ஒரே புள்ளியில். பள்ளத்துப் பக்கச் சுவரின் நட்ட நடுவில்! டோம் போட்டு உதைப்பைக் குறைத்துவிட்டோம் என்று நினைத்த பையன்களின் முகம் அப்போது பார்க்க வேண்டியது. அங்கே மறுபடியும் முட்டுச்சுவர் அல்லது கம்பி. கம்பியைத்தான் கடைசியில் போடப்போகிறோம் என்றால் இத்தனை சுற்று எதற்கு?

6 மீட்டர் விட்டத்தில் ஒரே வட்ட அறையாகக் கட்டியிருந்தால், பரப்பும் 32-க்குக் கொஞ்சம் குறைவாக 28 சதுர மீட்டர் கிடைத்திருக்கும், டோம் அருமையாக வேலை செய்திருக்கும். சுவரோடு சேர்த்து 6.7 மீட்டர் வேண்டும். தளம் 6.

ஆக, 1 மீட்டர் உயர வால்ட், ஐந்து கம்பிகள். சுவர்த் தலையில் 35 சென்டிமீட்டர் அகலத்தில் சுற்றிவரக் கான்கிரீட் பெல்ட், கம்பிகளின் நடுவில் உதைப்பைச் சுமக்க. கம்பிகளுக்குத் துத்தநாகப் பூச்சு, வெளிமுகத்தில் உள்ளங்கை அளவு இரும்புத் தட்டு, மேலே நட்டு. தட்டும் நட்டும் வெளியே தெரியும்படி விட்டோம், மறைத்துப் பூசவில்லை. நிலநடுக்கத்துக்கான கணக்கையும் சேர்த்து ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரிடம் வரைபடத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கினோம். நான் மேலே போட்டது தேர்வு செய்வதற்கான கணக்குத்தான், கட்டுவதற்கு அது போதாது.

கட்டும்போது ஒரே ஒரு விஷயத்தில்தான் மேஸ்திரியோடு வாக்குவாதம். சென்ட்ரிங்கைப் பிரித்தபின் கம்பியை முறுக்கலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தளர்ந்த கம்பி இறுகுவதற்குள் சுவர் அந்த அளவு விலகியே தீரும், விலகியதை உச்சி இரண்டு மடங்காக வாங்கிக்கொள்ளும். சுண்ணாம்பு சிமெண்டு மாதிரி இல்லை, மெதுவாகத்தான் இறுகும். நான்கு வாரம் விட்டோம். பிறகு சென்ட்ரிங் அடியில் இருக்கும்போதே ஐந்து கம்பியையும் நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். அதன்பின் சென்ட்ரிங் கால்களின் ஆப்புகளை ஒரு சுற்றுக்கு ஒரு விரல் கனம் வீதம் தளர்த்தினோம், எல்லாவற்றையும் ஒரே நாளில் உருவவில்லை. உச்சியில் கட்டி வைத்திருந்த அளவுகோல் 3 மில்லிமீட்டர் இறங்கிக் காட்டி நின்றது. மறுநாள் காலை பார்த்தபோதும் அதே 3.

எல்லாம் முடிந்தபின் மேஸ்திரி ஏணியைப் போட்டு ஏறி, ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே வந்தார். நடுவில் இருந்த மூன்றும் வீணைத் தந்தி மாதிரி ஒரே சுருதியில் வரவேண்டும். முனைச்சுவர்களை ஒட்டிய இரண்டும் பாதிச் சுமைதான் தாங்குகின்றன, அவை கொஞ்சம் தாழ்ந்து ஒலித்தால் பரவாயில்லை. ஒன்று, டிங். இரண்டு, டிங். நான்காவதில் மொத்தென்று ஒரு சத்தம். வெளியே போய் நட்டை அரைச் சுற்று திருப்பிவிட்டு வந்து மறுபடி தட்டினார். "இப்ப கேளுங்க சார்" என்றார்.